முப்பத்தேழு நாட்கள்

அந்தக் கடிதம் இன்னும் என் மின்னஞ்சலின் அனுப்பியவைப் பகுதியில் கிடக்கிறது. 2023 ஜூலை 10, திங்கட்கிழமை. மொத்தம் ஐந்தே வரிகள். அதில் மூன்று இடங்களில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஓர் இடத்தில்கூடத் தேதி இல்லை. ‘நவம்பர் நடுவில் பிரசவம் இருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார், அதற்குக் கொஞ்சம் முன்பிருந்து ஆறு மாதம் விடுப்புத் தேவைப்படும், அலுவலகத்துக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன், அவசரமென்றால் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்.’ இதுதான் சாரம். சுங்கத்துறைக்கு ஒரு எண் பிசகாமல் ஆவணம் தயாரிப்பதைத் தொழிலாகக் கொண்டவள் எழுதிய கடிதம் இது. ஒரு பெட்டியின் எடையில் பத்துக் கிலோ வித்தியாசம் வந்தால் வாடிக்கையாளரை மூன்று முறை தொலைபேசியில் துளைப்பவள் நான். என் சொந்த விஷயத்தில் ‘நடுவில்’, ‘கொஞ்சம் முன்பு’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக மதியச் சாப்பாட்டைப் பிரித்தேன்.

எங்கள் அலுவலகம் தம்புச் செட்டித் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்காகச் சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்யும் தரகர் நிறுவனம், இருபத்தெட்டுப் பேர். என் வீடு திருவொற்றியூரில். அம்மா வீடும் அங்கேயே காலடிப்பேட்டையில். மெட்ரோ வந்த பிறகு மண்ணடி வரை போவது எளிதாகிவிட்டது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் ஊர்ந்த காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை வருகிறது. ஆனால் மண்ணடியில் இறங்கிய பிறகு அந்த மூன்று மாடிகள் இருந்தன. ‘ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு வேலையிலிருந்து நின்றுவிடு’ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அந்தப் படிகள்தான் காரணம்.

நல்ல மனசு போட்ட கணக்கு

கடிதம் அனுப்பிய அன்று மாலையே மேலாளர் என் மேசைக்கு வந்தார். “ரொம்ப சந்தோஷம் அம்மா. டாக்டர் என்ன தேதி சொல்லியிருக்கிறார்?” என்று கேட்டார். நவம்பர் 18 என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பகல் பதில் வந்தது. வாழ்த்து, ஆசி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அன்பான இரண்டு வரிகள். அதன் பிறகு: ‘சட்டப்படி பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பே விடுப்பு. எனவே செப்டம்பர் 23 முதல் மார்ச் 22 வரை. மாற்று ஆளுக்குச் சொல்லிவிட்டேன். கவலைப்படாமல் ஓய்வெடுங்கள்.’

நான் நன்றி என்று பதில் எழுதத் தொடங்கியிருந்தேன். அதை இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ‘நன்றி சார்’ என்று தட்டிய பிறகுதான், மார்ச் 22 அன்று குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினேன். நான்கு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். நான்காம் மாதம் நான் மூன்று மாடி ஏறிக்கொண்டிருப்பேன். மேலாளர் ஏமாற்றினாரா? இல்லை. 26 வாரம் முழுமையாகத்தான் தந்திருந்தார். ஒரு நாளும் குறையவில்லை. அவர் செய்த பிழை வேறு.

சட்டத்தில் எட்டு வாரம் என்பது ஒரு மேல்வரம்பு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பிறகு சொல்வது இதுதான்: மொத்தம் 26 வாரம் வரை, அதில் எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முன்னால் எடுப்பது எட்டு வாரத்தைத் தாண்டக் கூடாது. உயிருடன் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருப்பவருக்கு மொத்தமே 12 வாரம்தான். எட்டு வாரம் முன்பே போயாக வேண்டும் என்று எங்கும் இல்லை. எந்த நாளிலிருந்து வரமாட்டேன் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டியவள் வேலை செய்யும் பெண். நான் சொல்லவில்லை. காலியாக விட்ட இடத்தை அவர் தன் நல்ல மனசால் நிரப்பினார். முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பின்னாலிருந்து கழியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றி யோசிக்க வேண்டியவள் நானாக இருந்தேன். நான் மன்னிப்புக் கேட்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஒரு தாளை எடுத்து இரண்டு கோடுகள் போட்டேன். செப்டம்பர் 23 அன்று தொடங்கினால் 182 நாட்கள் மார்ச் 22இல் முடியும். அக்டோபர் 30, திங்கட்கிழமை தொடங்கினால் ஏப்ரல் 28, ஞாயிறு முடியும். 2024 லீப் ஆண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான். இரண்டுக்கும் வித்தியாசம் 37 நாட்கள். அந்த 37 நாட்களும் வயிற்றில் பிள்ளையோடு காலடிப்பேட்டையில் அம்மா தரும் பழச்சாற்றைக் குடித்துக்கொண்டு கழியுமா, பிறந்த பிள்ளையோடு கழியுமா என்பதுதான் கேள்வி. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “படியில் ஏறும்போது ஏதாவது ஆனால் அந்த முப்பத்தேழு நாளை வைத்து என்ன செய்வாய்?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் கிடையாது. இரத்த அழுத்தம் இருந்திருந்தால், குழந்தையின் நிலை சரியில்லாமல் இருந்திருந்தால், நானும் செப்டம்பரில் போயிருப்பேன். ஒவ்வொரு மாதமும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன்; அவர் தடுக்கவில்லை. மூன்று மாடியை ஒரு நாளில் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குவது என்று வைத்துக்கொண்டேன். மதியச் சாப்பாடு மேலேயே.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, நானும் தடுமாறினேன். குழந்தை குறித்த நாளில் பிறக்காவிட்டால் திரும்பும் தேதி என்ன ஆகும்? நான் வெகு நாட்களாக 26 வாரத்தைப் பிரசவ நாளிலிருந்து எண்ண வேண்டும் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லை. விடுப்பின் முதல் நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். விடுப்பில் போன பிறகு குழந்தை நான்கு நாள் தாமதமாகப் பிறந்தால், முன்பகுதி நான்கு நாள் நீளும், பின்பகுதி நான்கு நாள் குறையும். வேலைக்குத் திரும்பும் நாள் நகராது. விடுப்புத் தொடங்குவதற்கு முன்பே பிறந்துவிட்டால் அன்றைக்கே விடுப்புத் தொடங்கும், திரும்பும் நாளும் முன்னால் வரும். இதை ஒரே வரியில் கடிதத்தில் எழுதிவிட்டால், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

‘ஆறு மாதம்’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. எந்த ஆறு மாதம் என்பதைப் பொறுத்து அது 181 நாளாகவும் இருக்கும், 184 நாளாகவும் இருக்கும். வாரத்தில் சொன்னால் ஐயம் இல்லை: திங்கட்கிழமை போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடியும், அடுத்த திங்கள் மேசைக்கு வரலாம். எங்கள் கணக்காளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: அந்த 182 நாளில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சம்பளம் உண்டா? உண்டு. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி தொடங்கிய வழக்கு எழுபதுகளில் உச்ச நீதிமன்றம் வரை போய், வாரம் என்றால் ஏழு நாள் என்று முடிந்தது. அந்தப் பெண்மணிக்கு நான் ஒரு தேநீராவது வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

மருத்துவர் தரும் தேதியிலும் ஒரு சிக்கல் வந்தது. முதல் ஸ்கேனில் நவம்பர் 18. ஆகஸ்ட் ஸ்கேன் அறிக்கையில் நவம்பர் 24 என்று அச்சாகியிருந்தது. எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டுமா என்று பதறிப் போனேன். மருத்துவர் சிரித்தார். பிந்தைய ஸ்கேன் குழந்தையின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கு, தேதியை மாற்றுவதற்கு அல்ல. தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனோடு ஒத்துப்போகும் தேதியே கடைசிவரை நிற்கும் என்றார். ஏற்கெனவே தந்திருந்த சான்றிதழில் இருந்த 18ஐயும் அவர் மாற்றவில்லை.

இரண்டாவது கடிதம்

ஜூலை 17 அன்று மறுபடியும் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்; வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> மதிப்பிற்குரிய சார், எனக்குக் கணிக்கப்பட்டுள்ள பிரசவத் தேதி 2023 நவம்பர் 18. மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன். ஜூலை 10 அன்று அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக இதைக் கொள்ள வேண்டுகிறேன்.
>
> மகப்பேறு விடுப்பை அக்டோபர் 30, திங்கள் முதல் 2024 ஏப்ரல் 28, ஞாயிறு வரை 26 வாரங்களுக்கு எடுக்கிறேன். ஏப்ரல் 29, திங்கட்கிழமை பணிக்குத் திரும்புவேன். அக்டோபர் 30க்கு முன் குழந்தை பிறந்தால் அன்றிலிருந்து விடுப்புத் தொடங்கும், திரும்பும் தேதியும் அதற்கேற்ப முன்னால் வரும். நவம்பர் 18ஐத் தாண்டிப் பிறந்தால் தேதிகள் மாறா. திரும்பும் தேதியை ஏப்ரல் 1 அன்று உறுதி செய்வேன். மருத்துவக் காரணத்தால் கூடுதல் நாட்கள் தேவைப்பட்டால் சான்றிதழுடன் தெரிவிப்பேன்.
>
> அக்டோபர் 16 முதல் புதிய கோப்புகள் எதையும் நான் தொடங்க மாட்டேன். என்னிடம் உள்ளவற்றை முடித்துத் தருவேன். அன்றிலிருந்து புதிய கோப்புகளை எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் தொடங்குவார், நான் அருகிலிருந்து பார்ப்பேன். அவர் தயாரிக்கும் ஆவணங்களில் யார் கையொப்பமிடுவது என்பதை ஆகஸ்ட் மாத இறுதிக்குள் தாங்கள் முடிவு செய்து தர வேண்டும்.
>
> விடுப்பின் நடுவே கெடு முடியும் விஷயங்களின் பட்டியலைச் செப்டம்பர் 29 அன்று தருவேன். குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை அலுவலக அழைப்புகளை ஏற்க இயலாது. அதன் பிறகு பழைய கோப்பு பற்றிய ஐயங்களைக் குறுஞ்செய்தியில் கேட்கலாம்; முடிந்தபோது பதில் தருவேன்.

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை. அனுப்புவதற்கு முன் கடைசியில் ஒரு ‘வருந்துகிறேன்’ சேர்த்தேன், எடுத்தேன், சேர்த்தேன், எடுத்தேன். கணவர் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, “நீ எதற்கு வருந்துகிறாய்?” என்று கேட்ட பிறகுதான் அழித்துவிட்டு அனுப்பினேன். ‘எடுக்கிறேன்’ என்று எழுதியது மரியாதைக் குறைவா என்று அம்மாவுக்கு ஐயம். ‘தந்து உதவுமாறு’ என்று எழுதியிருக்கலாமாம்.

அன்று மேலாளரின் அறைக்குள் நடந்த பேச்சைத்தான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தேதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “அப்படியா, நான் எட்டு வாரம் கட்டாயம் என்று நினைத்திருந்தேன்” என்று மாற்றிக்கொண்டார். மாற்று ஆளுக்குச் சொன்னதையும் தானே தள்ளிவைத்தார். பிரச்சினை கையொப்பத்தில் வந்தது. எங்கள் தொழிலில் ஆவணத்தில் கையெழுத்திட ஒரு தேர்வு எழுதித் தேறி ஜி கார்டு வாங்கியிருக்க வேண்டும். அடுத்த மேசைத் தம்பியிடம் இருந்தது எச் கார்டு; அவன் ஓடி வேலை செய்யலாம், கையெழுத்திட முடியாது. மேலாளர் சாதாரணமாகச் சொன்னார்: “உங்கள் டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் கடவுச்சொல்லையும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஆறு மாதம்தானே.”

இந்தத் தெருவில் இது நடக்காத விஷயம் அல்ல. அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது. அந்தச் சிறிய டோக்கனில் இருப்பது நிறுவனத்தின் பெயர் அல்ல, என் பெயர். நான் தொட்டிலாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிற்பகலில் தவறான வகைப்பாட்டில் ஒரு பெட்டி தாக்கலானால், சம்மன் என் பெயருக்குத்தான் வரும். “சார், விடுப்பில் இருப்பவள் கையெழுத்துப் போட்டதாகத் தேதியோடு பதிவாகும். எனக்கும் நல்லதில்லை, உங்கள் உரிமத்துக்கும் நல்லதில்லை” என்றேன். அவர் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “சரி, நானே போடுகிறேன்” என்றார். அவர் கடைசியாகத் தன் கையால் ஆவணம் தாக்கல் செய்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. செப்டம்பர் முழுக்கத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததைவிட அவருக்குச் சொல்லிக்கொடுத்த நேரம்தான் அதிகம்.

எதை ஒப்படைத்தேன்

பொறுப்பு ஒப்படைப்பு என்றால் தினமும் செய்யும் வேலையை எழுதிக் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான், தினசரி வேலை தம்பிக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்று புரிந்தது. ஆபத்து எங்கே இருந்ததென்றால், என் தலைக்குள் மட்டும் இருந்த தேதிகளில். ஒரு வாடிக்கையாளரின் வங்கி உத்தரவாதம் ஜனவரியில் முடிகிறது. டிசம்பரிலேயே நினைவூட்டாவிட்டால் அவர் அசையமாட்டார். இன்னொருவர் கப்பல் புறப்பட்ட பிறகுதான் ஆவணங்களை அனுப்புவார், அதுவும் அரைகுறையாக. கப்பல் வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் இறக்குமதி ஆவணம் தாக்கலாக வேண்டும் என்பது 2021 முதல் பெரும்பாலான சரக்குகளுக்கு விதி. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இவருக்கு எத்தனை நாள் முன்பே தொலைபேசியில் நச்சரிக்கத் தொடங்க வேண்டும் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஐந்து நாள். அதை எழுதினேன்.

ஒரு நீள நோட்டில் அக்டோபர் 30 முதல் ஏப்ரல் 28 வரை வாரத்துக்கு ஒரு பக்கம். மொத்தம் 26 பக்கங்கள். அந்த வாரத்தில் எது முடிகிறது, யாரை அழைக்க வேண்டும், அவர் எப்படிப்பட்டவர். பல பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. இரண்டு வாரம் சேர்ந்து வேலை செய்யலாம் என்று அக்டோபர் 16ஐக் குறித்தேனே தவிர, 23 ஆயுத பூசை, 24 விஜயதசமி என்பதை மறந்துபோனேன். தெருவெல்லாம் லாரிகளுக்குச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருக்க, எனக்கு இரண்டு நாள் போய்விட்டது. மூன்று வாரமாக வைத்திருக்க வேண்டும்.

பணம் பற்றிக் கொஞ்சம். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்பணமாகவும், மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்பது சட்டம். எங்கள் அலுவலகம் வழக்கமான சம்பள நாளில் மாதாமாதம் போட்டது. எனக்கு அதுவே வசதி என்பதால் விட்டுவிட்டேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பணத்தை முதலாளி தருவதில்லை, ஈ.எஸ்.ஐ. தருகிறது. அவர்கள் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டாலும் 26 வாரமும் எட்டு வார வரம்பும் அப்படியே இருக்கின்றன.

பிறந்த பிறகு

மகள் நவம்பர் 22 அன்று பிறந்தாள். நான்கு நாள் தாமதம். யாரும் யாருக்கும் தேதி திருத்திக் கடிதம் எழுதவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தபோது மிக்ஜாம் புயல் வந்தது. காலடிப்பேட்டையில் மின்சாரம் இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர், தொலைபேசி உயிரற்றுக் கிடந்தது. ‘அவசரமென்றால் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்’ என்ற என் பழைய வரி அந்த இருட்டில் நினைவுக்கு வந்தது. மின்சாரம் வந்து தொலைபேசியை உயிர்ப்பித்தபோது தம்பியிடமிருந்து ஒரே ஒரு செய்தி இருந்தது: ‘அக்கா, நலமா? வங்கி உத்தரவாதம் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். பதில் வேண்டாம்.’

ஏப்ரல் 1 அன்று, சொன்னபடி, ஒரு வரியில் உறுதி செய்தேன். கூடவே ஒன்று கேட்டேன். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளைகள் சட்டப்படி உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் குழந்தைகள் காப்பகம்; எங்களுக்கு அது இல்லை. மண்ணடிக்கும் காலடிப்பேட்டைக்கும் நடுவே இடைவேளையில் போய்வர முடியாது. அவற்றைச் சேர்த்து மாலையில் முன்னதாகப் புறப்படலாமா? மேலாளர் ‘சரி’ என்று மட்டும் பதில் அனுப்பினார். எத்தனை மணிக்கு என்று நான் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தக் ‘கொஞ்சம் முன்னதாக’வை வைத்து அடுத்த பத்து மாதமும் நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 29 காலை மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க மேசையில் உட்கார்ந்தேன். நோட்டின் வெற்றுப் பக்கங்களையெல்லாம் தம்பி பென்சிலால் நிரப்பியிருந்தான். மேலாளர் வந்து, “அப்பாடா, இனி நீங்களே போடுங்கள்” என்று ஒரு கோப்பை வைத்தார். இழுப்பறையைத் திறந்து டோக்கனை எடுத்துக் கணினியில் சொருகினேன். ஏற்கவில்லை. பிப்ரவரியிலேயே அதன் காலம் முடிந்திருந்தது. இருபத்தாறு பக்கங்களில் எல்லாருடைய கெடுவையும் எழுதியிருந்தேன், என்னுடையதைத் தவிர. புதுப்பித்து மறுபடி பதிவு செய்து முடிக்க மூன்று நாள் ஆனது. அதுவரை மேலாளர்தான் கையெழுத்திட்டார், ஒவ்வொரு முறையும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.